பத்தாவது பாஸான அம்மாவின் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

கேள்வி: "அம்மா 1987-இல் எட்டாவதோடு பள்ளியை விட்டவர். 2023-இல் எங்கள் ஊர் டியூஷன் சென்டரின் மாலை வகுப்பில் சேர்ந்தார். 2025 மார்ச் – ஏப்ரல் தேர்வில் பத்தாவது பாஸ். கணக்கில் 41 வாங்கியதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறார். சான்றிதழோடு படம் எடுத்திருக்கிறோம். தம்பி, '52 வயதில் மாலை வகுப்பில் பட்டம் வென்ற சாதனைத் தாய்!' என்று கேப்ஷன் எழுதினான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. டியூஷன் சென்டர்காரர்களும் ஃப்ளெக்ஸில் போடப் படம் கேட்கிறார்கள். என்ன எழுதலாம்?"

உங்கள் அம்மாவுக்கு அந்த வரி பிடிக்காமல் போனதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு தகவலும் கொஞ்சம் பிசகியிருக்கிறது. அவர் வாங்கியது பட்டம் இல்லை. அதைக் கொடுத்தது மாலை வகுப்பும் இல்லை. வயது 52 என்பதும் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தவருக்கு, தான் எழுதியது எந்தத் தேர்வு என்று துல்லியமாகத் தெரியும். அதை வீட்டிலேயே தப்பாக எழுதினால் உறுத்தத்தான் செய்யும். பத்திரிகையில் படக்குறிப்பு எழுதும் வேலையும், தனித்தேர்வர்களுக்குப் பாடம் சொல்லும் வேலையும் இரண்டுமே எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நல்ல சொற்களைத் தேடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைச் சரியாகப் பிடித்துவிடுங்கள். சான்றிதழைக் கொடுத்தது யார், எத்தனை வருட இடைவெளி, படிப்பு எப்படி நின்றது. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் வரி தானாகவே வந்துவிடும்.

முதலில் சான்றிதழின் தலைப்பைப் படியுங்கள். மாலை வகுப்பு, டியூட்டோரியல், இரவுப் பள்ளி, தெருவில் ஓர் ஆசிரியர் நடத்தும் வகுப்பு ஆகியவை எல்லாம் படிக்கக் கற்றுத்தருகிற இடங்கள்தான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றை அவற்றால் கொடுக்க முடியாது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எழுதியிருந்தால் அதைக் கொடுப்பது அரசுத் தேர்வுகள் இயக்ககம். அங்கே உங்கள் அம்மாவுக்குப் பெயர் தனித்தேர்வர், அதாவது பள்ளியில் சேராமல் நேராகத் தேர்வு எழுதுபவர். பள்ளி மாணவர்கள் எழுதும் அதே வினாத்தாள், அதே ஐந்து பாடங்கள், பாடத்துக்கு 100 என்று மொத்தம் 500 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் தேர்ச்சிக்கு 35. வயது வந்தவர்களுக்கென்று இதில் எளிதான தாள் ஏதும் கிடையாது. இதைப் பலர் தெரியாமல் "ஏதோ முதியோர் கல்வித் தேர்வு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேப்ஷனில் "தனித்தேர்வராக" என்ற ஒரு சொல் இருந்தால் அந்த ஐயம் எழாது. இன்னொரு பயனும் உண்டு. படத்தைப் பார்க்கும் உறவுக்காரப் பெண்களில், எட்டாவதோடும் ஒன்பதாவதோடும் நின்றவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் "எப்படி எழுதுனீங்க?" என்று கேட்கப்போகும் கேள்விக்கு அந்தச் சொல்லே பாதிப் பதில்.

எல்லோர் சான்றிதழும் இந்த வகையாக இருக்காது. மேலே தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்று இருந்தால் அது வேறு வழி. அங்கே தேர்ச்சிக்கு 33 சதவீதம் போதும். ஐந்து வருடத்துக்குள் பாடம் பாடமாகவும் எழுதி முடிக்கலாம். அதை "தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு தேர்ச்சி" என்று எழுதினால் சரி. எழுத்தறிவுத் திட்டத்தின் சான்றிதழ் என்றால் அது படிக்க, எழுத, கணக்குப் போடத் தெரியும் என்பதற்கான சான்று. அதை எந்த வகுப்போடும் சமன் செய்து எழுதக் கூடாது. கேரளத்தில் இரண்டு பாட்டிகளின் செய்தி வந்தபோது இந்தக் குழப்பம் நிறையவே நடந்தது. ஆலப்புழை கார்த்தியாயினி அம்மா 2018-இல் 96 வயதில் எழுதியது எழுத்தறிவுத் தேர்வு. 100-க்கு 98 வாங்கினார். கொல்லம் பாகீரதி அம்மா 2019-இல் 105 வயதில் எழுதியது நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வு. 275-க்கு 205 வாங்கினார். இருவரையும் சேர்த்து "பள்ளிப் படிப்பை முடித்த பாட்டிகள்" என்று எழுதினால் இரண்டு பேரைப் பற்றியும் தவறு. கார்த்தியாயினி அம்மா சிறு வயதில் பள்ளிக்கே போனதில்லை. பாகீரதி அம்மா மூன்றாம் வகுப்பில் நின்றவர். அதனால் "விட்ட படிப்பைத் தொடர்ந்தார்" என்பது ஒருவருக்குத்தான் பொருந்தும். இந்த வேறுபாட்டைச் சொல்வதால் யாருடைய பெருமையும் குறைந்துவிடுவதில்லை. 96 வயதில் முதன்முதலாக எழுத்தைப் பிடிப்பது தனி உழைப்பு. அதை அதன் பெயரிலேயே சொல்ல வேண்டும்.

படத்தில் அம்மா கையில் இருப்பது என்ன தாள் என்பதையும் பாருங்கள். தேர்வு முடிவு வந்ததும் இணையத்தில் இறக்கிக்கொள்வது தற்காலிக மதிப்பெண் சான்றிதழ். அசல் பிறகுதான் வரும். தற்காலிகத் தாளோடு எடுத்த படமென்றால் "தேர்ச்சி பெற்றார்" என்று எழுதுங்கள், "சான்றிதழ் பெற்றார்" என்பதை அசல் வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இது நுணுக்கம் பார்ப்பதாகத் தோன்றலாம். ஆனால் அசல் கைக்கு வரும் அன்று இன்னொரு படம் எடுத்துப் போடலாம் அல்லவா? முதல் படத்திலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டால் அந்த நாளுக்கு வரி மிஞ்சாது.

இன்னொரு வழக்கமான தவறு, தேர்வு எழுதிய மையத்தைப் பள்ளியாக எழுதுவது. "அந்த மேல்நிலைப் பள்ளியில் பத்தாவது முடித்தார்" என்பார்கள். அது அவர் தேர்வு எழுத உட்கார்ந்த இடம் மட்டுமே. ஆனால் உண்மையிலேயே நன்றி சொல்ல வேண்டிய ஒரு பள்ளி இருக்கலாம், அதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. தனித்தேர்வர்கள் செய்முறைப் பயிற்சிக்கென்று முன்கூட்டியே பெயரைப் பதிந்து, ஒதுக்கப்படும் பள்ளிக்குப் போய் ஆய்வகத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். வருகைப் பதிவு குறைந்தால் செய்முறைத் தேர்வில் உட்காரவே முடியாது. மாலை வகுப்பில் படித்து மற்ற நான்கு பாடமும் தேறிய பிறகு அறிவியலில் மாட்டிக்கொள்பவர்களில் பலருக்கு, இந்தப் பதிவுத் தேதியைத் தவறவிட்டதுதான் காரணம். உங்கள் அம்மா ஐந்து பாடமும் தேறியிருக்கிறார் என்றால் பகலில் அந்தப் பள்ளிக்கும் போய் வந்திருக்கிறார் என்று பொருள். எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்று அவரிடம் கேளுங்கள். அவர் விரும்பினால் பள்ளியின் பெயரை ஒரு வரியில் சேர்க்கலாம்.

அடுத்து வருடக் கணக்கு. இதில் இரண்டு எண்கள் இருக்கின்றன, இரண்டையும் கலந்துவிடக் கூடாது. 1987-இல் விட்டு 2023-இல் சேர்ந்தார், எனவே படிப்பில்லாத இடைவெளி 36 வருடம். 1987-இல் விட்டு 2025-இல் தேறினார், எனவே பள்ளியை விட்டு 38 வருடம் கழித்துச் சான்றிதழ். "38 வருட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் படித்து" என்று எழுதினால், நடுவே அவர் படித்த இரண்டு வருடமும் காணாமல் போய்விடுகிறது. எனக்கு இதில் "1987", "2025" என்று ஆண்டுகளை அப்படியே எழுதுவதுதான் பிடிக்கும். கழித்தல் கணக்கைப் படிப்பவரே போட்டுக்கொள்வார். அப்படி மனசுக்குள் போட்டுப் பார்க்கும்போது அந்த எண் அவருக்கு இன்னும் அழுத்தமாகப் படும். 1987 என்பது நினைவிலிருந்து சொன்னதென்றால், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் விலகிய தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதைத் தவிர்க்கச் சொல்வேன். அந்தத் தலைமுறையில் நிறையப் பேருக்கு முதல் வகுப்பில் சேர்க்கும் அன்று தலைமையாசிரியர் எழுதிக்கொண்டதுதான் பிறந்த தேதி. ஜூன் மாதப் பிறந்தநாள்கள் அவ்வளவு அதிகமாக இருப்பது இதனால்தான். வீட்டில் 52 என்பார்கள், சான்றிதழில் 51 ஆக இருக்கும். இரண்டில் எது உண்மை என்று யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனாலும் படத்தில் ஒன்றும் கேப்ஷனில் ஒன்றுமாக இருந்தால் பேச்சு அங்கே திரும்பிவிடும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வயதை முதலில் போட்டால் படிப்பவரின் வியப்பெல்லாம் வயதின் மேலேயே போய் நிற்கிறது. அவர் தேறிய ஐந்து பாடங்களின் மேல் போவதில்லை. "இந்த வயதிலும்", "வயதான காலத்தில்" என்ற சொற்களுக்கும் இதே குறைதான்.

மூன்றாவது, படிப்பு எப்படி நின்றது என்பது. இதில் நான் உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்றுதான்: காரணத்தை எழுதலாமா வேண்டாமா என்பதை உங்கள் அம்மா மட்டுமே முடிவு செய்ய முடியும். நீங்கள் எழுதப்போகும் இடத்தில் உங்கள் தாத்தா வீட்டு உறவுகளும் இருப்பார்கள். "படிப்பை நிறுத்திவிட்டார்" என்று எழுதினால் 13, 14 வயதுப் பெண் தானே வேண்டாமென்று விட்டதாக ஆகிறது. "படிப்பை நிறுத்திவிட்டார்கள்" என்றால் யார் என்ற கேள்வி எழுந்து, கைகள் பெரியவர்களை நோக்கி நீளும். "எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது" என்றால் யார் மீதும் பழி விழாது, உண்மையும் மாறாது. அம்மா வேறு ஏதும் சொல்லாதவரை மூன்றாவது வாக்கியத்தையே வைத்துக்கொள்ளுங்கள். "தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நின்றேன், அதை எழுது" என்று அவரே சொன்னால், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். உங்கள் நடைக்கு மாற்ற வேண்டாம்.

இனி எழுதும் விதம். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் நீண்ட கேப்ஷன் முதல் சில வரிகளுக்குப் பிறகு மடிந்துவிடும், "மேலும்" என்பதைத் தொட்டால்தான் மீதி தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்றால், "எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எங்கள் அம்மா, வீட்டு வேலைகளுக்கும் இடையே, மாலை வகுப்பில் சேர்ந்து…" என்று தொடங்கிய வாக்கியத்தில் "தேர்ச்சி பெற்றார்" என்பது மடிப்புக்குள் போய்விடுகிறது. பாதிப் பேர் கஷ்டத்தை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதனால் முதல் வாக்கியம் நான்கைந்து சொல்லில் முடியட்டும், செய்தி அதிலேயே இருக்கட்டும். பின்கதை அதன் பிறகு வரட்டும்.

உங்கள் தம்பியின் வரியை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்ப்போம். "பட்டம்" போய்விடுகிறது, அது கல்லூரிக்கு உரியது. "வென்ற", "சாதனை" இரண்டையும் எடுத்துவிடுகிறேன். விளையாட்டுச் செய்திகளிலும் கட்சிச் சுவரொட்டிகளிலும் தேய்ந்துபோன சொற்கள் அவை. அவை வந்ததும் படிப்பவர் கண் அடுத்த படத்துக்குப் போய்விடும். "தாய்" என்பதற்குப் பதில் வீட்டில் கூப்பிடும் "அம்மா". ஆச்சரியக்குறி வேண்டாம். மிஞ்சியதை வைத்து எழுதினால் இப்படி வரும்:

"அம்மா பத்தாவது பாஸ். 1987-இல் எட்டாவதோடு நின்றுபோன படிப்பு. 2023-இல் மாலை வகுப்பில் சேர்ந்து, 2025-இல் தனித்தேர்வராக எழுதி ஐந்து பாடத்திலும் தேறினார். கணக்கில் 41."

கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். மொத்த மதிப்பெண்ணைப் போட வேண்டாம் என்பது என் கருத்து. 500-க்கு என்று ஓர் எண் வந்ததும், அதே வருடம் பத்தாவது எழுதிய அக்கா மகனின் எண்ணோடு ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் கணக்கில் 41 என்பதை அம்மாவே எல்லோரிடமும் சொல்கிறார் என்கிறீர்கள். தேர்ச்சிக்கு 35 வேண்டிய இடத்தில் 41 என்றால் ஆறு மதிப்பெண் கூடுதல். மாலை வகுப்பில் படிப்பவர்களைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது கணக்குத்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும், அதே நிலையில் படிப்பவர்களுக்கும் தெரியும். விளக்கம் எதுவும் சேர்க்காமல் அப்படியே விடுங்கள்.

குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு இவ்வளவும் தேவையில்லை. அங்கே எல்லோருக்கும் முன்கதை தெரியும். "அம்மா பத்தாவது பாஸ். கணக்கில் 41. இன்று மாலை எல்லோரும் அவருக்கு போன் செய்யுங்கள்" என்பது போதும். உங்கள் அம்மா தன் பெயரில் தானே பதிவிட விரும்பினால் இன்னும் நல்லது. அப்போது "நான்" என்று தொடங்கட்டும், எழுத்துப்பிழை இருந்தால் அவர் கேட்டால் மட்டும் திருத்துங்கள்.

ஒரே தேர்வில் எல்லாப் பாடமும் தேறாமல், சிலவற்றை மார்ச்சிலும் மீதியைத் துணைத் தேர்விலும் தேறியவர்களும் உண்டு. அவர்களுக்கு "முதல் முயற்சியிலேயே" என்று அன்பால் எழுதிவிடாதீர்கள். கடைசிப் பாடம் தேறிய மாதத்தையும் வருடத்தையும் போட்டு "ஐந்து பாடமும் முடித்தார்" என்றால் அது முழு உண்மை. ஐந்தாவதோடு நின்றவர்கள் பலர் முதலில் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டுத்தான் பத்தாவதுக்கு வருகிறார்கள். அப்படியென்றால் எட்டாவது தேறிய வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதை விட்டால் ஒரு முழுத் தேர்வே கணக்கில் வராமல் போகும்.

படத்தைப் பதிவிடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழில் அம்மாவின் முழுப்பெயர், பிறந்த தேதி, பதிவெண் எல்லாம் இருக்கும். தேர்வு முடிவு இணையதளம் கேட்பதும் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும்தான். அந்த இரண்டும் படத்தில் தெளிவாகத் தெரிந்தால், பார்க்கிற எவரும் எல்லாப் பாட மதிப்பெண்ணையும் எடுத்துவிடலாம். மொத்தத்தைப் போட வேண்டாமென்று முடிவு செய்ததற்கே பொருள் இல்லாமல் போகும். பிறந்த தேதியும் முழுப்பெயரும் சேர்ந்து கிடைப்பது மோசடிக்காரர்களுக்கும் வசதி. படம் எடுக்கும்போதே தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, தலைப்பு மட்டும் தெரியும்படி வைத்தால் சிக்கல் இல்லை. ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் எண்களின் மேல் முழுக் கறுப்புக் கட்டம் வையுங்கள், பார்கோடோ கியூஆர் கோடோ இருந்தால் அதன் மேலும் வையுங்கள். போனில் இருக்கும் மார்க்கர் பேனாவால் தேய்த்தால் போதாது. அதன் மை பாதி ஊடுருவித் தெரியும், வெளிச்சத்தைக் கூட்டினால் எண்ணைப் படித்துவிடலாம். மறைத்த படத்தை வேறொரு போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பதிவிடுங்கள்.

டியூஷன் சென்டர் விஷயம் வேறு. அவர்கள் கேட்பது விளம்பரத்துக்கு. உழைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் என்றால் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். "எங்கள் மாலை வகுப்பில் படித்து, 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் தனித்தேர்வராகத் தேர்ச்சி பெற்றவர்" என்பது சரி. "எங்கள் நிலையத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பெற்றவர்" என்பது தவறு. அதைப் பார்த்துப் பணம் கட்டும் இன்னொருவர் சான்றிதழ் அங்கேயே கிடைத்துவிடும் என்று நம்பி, தனித்தேர்வர் விண்ணப்பத் தேதியையும் செய்முறைப் பதிவையும் தவறவிடுவார். விண்ணப்பம் அரசுத் தேர்வுகள் சேவை மையம் வழியாகப் போக வேண்டும், தேதியும் கட்டணமும் ஒவ்வொரு வருடமும் தனி அறிவிப்பாக வரும் என்பதை அந்த ஃப்ளெக்ஸிலேயே அடியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல நிலையம் என்றால் மறுக்காது.

படத்துக்கு அனுமதி கொடுப்பதாக இருந்தால் எந்தப் படம், எந்த வாசகம், எத்தனை மாதம் என்று வாட்ஸாப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ் கிழியும்வரை தொங்கும். அடுத்த வருடம் அதே படம் வேறு வாசகத்தோடு துண்டறிக்கையில் வரும். சான்றிதழ் இல்லாமல் அம்மாவின் முகம் மட்டும் உள்ள படத்தைக் கொடுங்கள். வகுப்புத் தோழிகளோடு எடுத்த படம் என்றால், அதில் தேர்ச்சி பெறாதவர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள், இருந்தால் அந்தப் படத்தை எங்கேயும் போட வேண்டாம்.